அடக்கினால் அடங்கும், அப்புறம் வராது

பிளஸ் டூ பொதுத்தேர்வு அன்று காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். படித்துப் பார்க்கப் பத்து நிமிடம், விடைத்தாளின் முகப்பை நிரப்ப ஐந்து நிமிடம், பிறகு 10.15 முதல் 1.15 வரை எழுத்து. ஒன்பதரைக்கெல்லாம் மையத்தில் இருக்க வேண்டும் என்றால் வீட்டிலிருந்து எட்டு, எட்டேகாலுக்குக் கிளம்பியாக வேண்டும். திரும்பி வீட்டுக்கு வரும்போது மணி இரண்டைத் தாண்டிவிடும். இந்த ஆறு மணி நேரத்தில் 'ரெண்டுக்கு' வந்தால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. பிள்ளைகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். காலையில் தண்ணீர் குடிப்பதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள்.

அடக்கினால் அந்த அவசரம் உண்மையிலேயே போய்விடுகிறது. சில நிமிடங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் வயிறு அமைதியாகிவிடும். அதனால்தான் பிள்ளைகள் இதை ஒரு சிக்கலாகவே நினைப்பதில்லை. அந்த அமைதிக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். ஏனென்றால் பதினேழு வயதில் மூன்று வாரம் அடக்கியதன் விளைவு, கல்லூரி இரண்டாம் ஆண்டு வரைக்கும் கூடவே வரக்கூடும்.

அவசரம் ஏன் காலையில் வருகிறது?

பெருங்குடல் நாள் முழுக்க ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. தூங்கும்போது ஏறக்குறைய சும்மா இருக்கும். கண் விழித்ததும் விழித்துக்கொள்ளும். இரைப்பையில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடலுக்கு ஒரு தகவல் போகிறது. நீளமான, வலுவான அலை ஒன்று எழுந்து, உள்ளே இருப்பதைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. ஆகவே எழுந்த பிறகு, குறிப்பாகக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரத்துக்குள், வயிறு கூப்பிடுவது இயல்பு. ஒருநாளில் கிடைக்கும் வலுவான வாய்ப்பு பெரும்பாலும் இதுதான்.

அப்படித் தள்ளப்பட்ட மலம் மலக்குடலுக்குள் வந்ததும் அதன் சுவர் விரிகிறது. ஆசனவாயில் இரண்டு வளையத் தசைகள் உள்ளன. உள்வளையம் நம் சொல் கேட்காது. மலக்குடல் விரிந்ததும் தானாகத் தளர்ந்துகொடுக்கும். அந்தக் கணத்தில்தான் 'வருது' என்று தெரிகிறது, வந்திருப்பது காற்றா மலமா என்பதும் தெரிகிறது. வெளிவளையம் நம் கட்டுப்பாட்டில் உள்ளது. அதையும், மலக்குடலைச் சுற்றி ஒரு கொக்கிபோல் முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் இடுப்புத் தளத் தசையையும் இறுக்கினால் வழி அடைபடுகிறது. சற்று நேரத்தில் மலக்குடலின் சுவர் உள்ளே இருக்கும் பொருளுக்கு ஏற்பத் தளர்ந்துகொள்கிறது, உள்வளையம் மறுபடி மூடிக்கொள்கிறது, அவசரம் மங்குகிறது.

மலம் மட்டும் எங்கும் போய்விடவில்லை. அங்கேயே இருக்கிறது. பெருங்குடலின் முக்கியமான வேலைகளில் ஒன்று நீரை உறிஞ்சுவது. மலம் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தங்குகிறதோ, அத்தனை மணி நேரமும் அதிலிருந்து நீர் போய்க்கொண்டிருக்கும். மாலையில் வீட்டுக் கழிப்பறைக்குப் போகும்போது காலையில் இருந்த அந்தக் கூப்பாடு இருக்காது. மலமும் காலையில் இருந்ததுபோல இருக்காது.

தேர்வு நாளில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பதற்றம் பெருங்குடலை முடுக்கிவிடும். 'பயத்துல வயித்தைக் கலக்குது' என்று சொல்வது வெறும் பேச்சில்லை. மணி ஒன்பதே முக்காலுக்கு, அறைக்குள் போகச் சொல்லும் நேரத்தில், பலருக்கு வயிறு கூப்பிடும். வருடத்திலேயே உடம்பு மிக உரக்கக் கூப்பிடும் நாளும், பிள்ளைகள் அதை மிகக் கடுமையாக அடக்கும் நாளும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது.

கழிப்பறைக்குப் போகாததன் காரணங்கள்

தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், காணாமல் போன மக், முந்தைய ஆள் ஊற்றாமல் விட்டுப்போனது, ஈரத்தில் நனையும் சுடிதார் கால். இந்தப் பட்டியலை எந்தப் பள்ளி மாணவியும் ஒரு மூச்சில் சொல்லிவிடுவார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. 2012-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களையும் ஆறு மாதத்துக்குள் பள்ளிகளில் கழிப்பறை வசதி செய்யச் சொன்னது. கட்டடங்கள் நிறைய எழுந்தன. ஆனால் கட்டடம் இருப்பதும், ஒரு பதினேழு வயதுப் பெண் அதற்குள் பத்து நிமிடம் நிம்மதியாக உட்கார முடிவதும் வேறு வேறு.

அழுக்கு மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்வீடனில் 6 முதல் 16 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. மூத்த மாணவர்களில், அதாவது 13 வயதுக்கு மேற்பட்டவர்களில், 80 சதவீதம் பேர் மலம் கழிக்கப் பள்ளிக் கழிப்பறையைப் பயன்படுத்துவதே இல்லை என்று சொன்னார்கள். அந்த வயதில் கூச்சம் அதிகம். வெளியே நிற்பவர்களுக்குச் சத்தம் கேட்கும், நாற்றம் வரும், 'இவ்வளவு நேரம் என்னடி பண்ணே' என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம் வசதியான நாட்டிலும் இருக்கிறது.

தேர்வு அறையில் இந்தக் கூச்சம் இரட்டிப்பாகிறது. பல நேரம் மையமே வேறு பள்ளி. கழிப்பறை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று கண்காணிப்பாளரிடம் கேட்க வேண்டும், துணைக்கு ஒருவர் கூடவே வருவார், போய்வரும் நேரத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு அடக்குவதே புத்திசாலித்தனமாகத் தெரிகிறது.

ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும் குடல்

அடக்குவதால் மலச்சிக்கல் வருமா, அல்லது ஏற்கெனவே மலச்சிக்கல் உள்ளவர்கள்தான் அடக்குகிறார்களா? இந்தக் கேள்விக்கு ஜெர்மனியில் சில மருத்துவர்கள் நேரடியாகவே பதில் தேடினார்கள். எந்த வயிற்றுக் கோளாறும் இல்லாத 12 ஆண்களை ஒரு வாரம் முடிந்தவரை மலத்தை அடக்கச் சொன்னார்கள். 1990-இல் வெளியான முடிவு இது: அவர்கள் கழிப்பறைக்குப் போகும் எண்ணிக்கை குறைந்தது மட்டுமில்லை, பெருங்குடல் வழியாக மலம் நகரும் வேகமே குறைந்துவிட்டது. கடைவாசலுக்குப் பக்கத்தில் மட்டும் இல்லாமல், வெகு தூரத்தில், பெருங்குடலின் தொடக்கமான வலப்பகுதியிலும் நகர்வு மெதுவானது. கீழே வழியை அடைத்தால் மேலே உள்ள பகுதியும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆரோக்கியமான உடம்புக்கு இதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதுமாக இருந்தது.

பொதுத்தேர்வு அட்டவணை மூன்று வாரத்துக்கு மேல் ஓடும். அதற்கு முன்னால் திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, காலைச் சிறப்பு வகுப்பு என்று ஜனவரியிலிருந்தே இதே நேர ஒழுங்குதான்.

ஒரு மாணவியின் நான்கு மாதங்கள்

கீழே வரும் மாணவி ஒரு தனி ஆள் இல்லை. மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் கதைகளின் பொது வடிவத்தை ஒரே ஆளிடம் ஏற்றிச் சொல்கிறேன்.

எடை 45 கிலோ. காலை நாலரைக்கு எழுந்து, காபி குடித்துவிட்டுப் படிக்கிறாள். ஆறரைக்கு டியூஷன், ஏழே முக்காலுக்கு இரண்டு இட்லி, எட்டேகாலுக்குப் பள்ளி வேன். சாப்பாடு இறங்கிய அரை மணி நேரத்தில், வேனில் உட்கார்ந்திருக்கும்போது, வயிறு கூப்பிடுகிறது. காலைக் குறுக்கே போட்டு இறுக்கிக்கொள்கிறாள். வகுப்புக்குப் போனதும் சரியாகிவிடுகிறது. வீடு திரும்ப மாலை ஆறரை. போய் உட்கார்ந்து பார்க்கிறாள், ஒன்றும் வரவில்லை. 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று எழுந்துவிடுகிறாள்.

ஜனவரி முடிவில் இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று ஆகிறது. மார்ச் தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு முறை. மலம் தடித்து, முடிச்சு முடிச்சாக வருகிறது. ஒருநாள் முக்கிக் கழித்தபோது சுருக்கென்று வெட்டுவதுபோல் வலி, ஒரு சொட்டு ரத்தம். ஆசனவாயின் விளிம்பில் வெடிப்பு விழுந்திருக்கிறது.

கதை இங்கேதான் திரும்புகிறது. அதுவரை பள்ளிக் கழிப்பறையைத் தவிர்த்தவள் இப்போது வலிக்குப் பயந்து வீட்டுக் கழிப்பறையையும் தவிர்க்கிறாள். அவசரம் வந்ததும் தசை தானாக இறுகிக்கொள்கிறது. நாளாக நாளாக, கழிக்க வேண்டும் என்று முக்கும்போதே வெளிவளையம் தளர்வதற்குப் பதிலாக இறுகும் பழக்கமும் சிலருக்கு வந்துவிடும். முக்கினால் வராது, வராததால் இன்னும் முக்குவார்கள்.

உள்ளே மலக்குடல் விரிந்துகொண்டே போகிறது. அடிக்கடி இழுத்துத் தளர்ந்துபோன எலாஸ்டிக் நாடா போல, அதன் சுவருக்குப் பழைய விறைப்பு இல்லை. முன்பு கொஞ்சம் நிரம்பினாலே சொல்லிய குடல், இப்போது அதைவிடப் பல மடங்கு நிரம்பினால்தான் சொல்கிறது. 'எனக்கு வரவே மாட்டேங்குது' என்று அவள் சொல்வது உண்மைதான். உணரும் திறன் மழுங்கிவிட்டது. விரிந்த மலக்குடல் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அடிக்கடி ஒண்ணுக்கு வருகிறது; சிறுநீர்த்தொற்றும் வரலாம். பசி குறைகிறது, அடிவயிறு உப்பலாக இருக்கிறது.

ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் ஒரு புதுச் சங்கடம். அவளையறியாமல் உள்ளாடையில் தண்ணீராகக் கறை படுகிறது. அம்மாவிடம் சொல்லவே நான்கு நாள் ஆகிறது. அம்மா அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து, மருந்துக்கடையில் கேட்டு, போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கித் தருகிறார். நிலைமை மோசமாகிறது. நடந்தது இதுதான்: மலக்குடலில் கெட்டியான மலம் உருண்டையாக அடைத்துக்கொண்டிருந்தது, மேலேயிருந்து வந்த நீர்த்த மலம் அதன் ஓரமாகக் கசிந்தது. பேதிபோலத் தோன்றினாலும் அது மலச்சிக்கலின் முற்றிய நிலை. பேதியை நிறுத்தும் மருந்து குடலை மேலும் கட்டிப்போட்டுவிட்டது.

இரண்டையும் வேறுபடுத்த வீட்டிலேயே கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. கடைசியாக எப்போது தாராளமாக, முழுமையாகப் போனது? கசிவு வருவதற்கு முந்தைய வாரங்களில் மலம் கெட்டியாக இருந்ததா? கறை, தெரியாமலே சிறிது சிறிதாகப் படுகிறதா? இவற்றுக்கு வரும் பதில்கள் மலச்சிக்கல் பக்கம் சாய்ந்தால் மருந்துக்கடைக்குப் போக வேண்டாம், மருத்துவரிடம் போக வேண்டும்.

எப்போது இது நோய்?

ஒருநாள் வரவில்லை என்பதால் யாருக்கும் மலச்சிக்கல் ஆகிவிடாது. குடல் மருத்துவர்கள் 2016 முதல் பின்பற்றும் 'ரோம்' வரையறை, பதின்வயதினருக்கும் சேர்த்து, ஆறு அடையாளங்களைச் சொல்கிறது. வாரத்துக்கு இரண்டு முறையோ அதற்குக் குறைவாகவோ மலம் கழிப்பது. வாரம் ஒருமுறையாவது தெரியாமல் கசிவது. வேண்டுமென்றே அடக்கும் பழக்கம். வலியோடு அல்லது கெட்டியாகப் போவது. மலக்குடலில் மலம் திரண்டிருப்பது. கழிப்பறையையே அடைக்கும் அளவுக்குத் தடித்த மலம். இவற்றில் இரண்டு, ஒரு மாதமாகத் தொடர்ந்தால், வேறு நோய் காரணமில்லாத பட்சத்தில், அது மலச்சிக்கல். நம் மாணவிக்கு மார்ச்சிலேயே மூன்று இருந்தன.

எடை குறைவது, காய்ச்சல், பச்சையாக வாந்தி, வயிறு மிகவும் வீங்குவது, கால் பலவீனம், மலத்தில் அதிக ரத்தம், பிறந்த மாதத்திலிருந்தே இருக்கும் மலச்சிக்கல் ஆகியவை இருந்தால், அடக்கியதால் வந்தது என்று விட்டுவிடக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதலில் அடைப்பு, பிறகு பழக்கம்

நம் வீடுகளில் முதல் வைத்தியம் வாழைப்பழமும் கீரையும். தடுப்பதற்கு நார்ச்சத்து நல்லதுதான். ஆனால் மலக்குடல் ஏற்கெனவே அடைத்துக்கிடக்கும்போது அதைக் கூட்டினால் பின்னால் வந்து சேரும் அளவுதான் கூடும். வயிறு இன்னும் உப்பும். தண்ணீரும் அப்படித்தான். குடிக்காமல் இருப்பவர் போதிய அளவு குடிக்க வேண்டும். அதற்கு மேல் லிட்டர் லிட்டராகக் குடிப்பதால் அடைப்பு கரையாது. நிலாவரை, விளக்கெண்ணெய் போன்றவை குடலை உந்தித் தள்ளும் வகை. கெட்டியாக அடைத்திருக்கும்போது உந்தினால் வயிற்றை முறுக்கி வலிக்கும்.

மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் தருவது பாலிஎதிலீன் கிளைகால் என்ற பொடி. தண்ணீரில் கலக்கிக் குடிப்பது. இது குடலில் உறிஞ்சப்படாமல் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்து, மலத்தை இளக்குகிறது. அடைப்பை எடுக்க, கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வீதம் மூன்று முதல் ஆறு நாள் வரை தருவது வழக்கம். 45 கிலோ உள்ளவருக்கு அது நாளொன்றுக்கு 45 கிராமிலிருந்து தொடங்கும். அந்த நாட்களில் நிறைய முறை போக வேண்டியிருக்கும். அதனால் தேர்வு இல்லாத நாட்களில், வீட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டும். அடைப்பு நீங்கியதும் அளவு குறையும். கிலோவுக்கு 0.4 கிராம் என்று வைத்தால் அவளுக்குத் தினமும் 18 கிராம். அளவை மருத்துவர்தான் நிர்ணயிக்க வேண்டும். கூட்டுவதும் குறைப்பதும் மலத்தின் தன்மையைப் பார்த்து மாறும்.

பெரும்பாலானோர் தோற்பது இதற்குப் பிறகுதான். இரண்டு வாரத்தில் தினமும் சுகமாகப் போகத் தொடங்கியதும், 'மருந்துக்கு அடிமையாகிடுவே' என்று வீட்டில் பொடியை நிறுத்திவிடுகிறார்கள். மலம் இளகியிருக்கிறதே தவிர, விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்கவில்லை, உணர்வும் திரும்பவில்லை. ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி. மருத்துவ வழிகாட்டுதல்கள் குறைந்தது இரண்டு மாதம் தொடரச் சொல்கின்றன. தொல்லை முழுதும் நீங்கி ஒரு மாதமாவது ஆன பிறகுதான் மெல்லக் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தக் கூடாது. பலருக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். தாமதமாகச் சிகிச்சைக்கு வருபவர்களைவிட, சீக்கிரம் வருபவர்கள் முழுமையாகத் தேறும் வாய்ப்பு அதிகம். சிறு வயதில் இதற்காகச் சிறப்பு மருத்துவர்களிடம் போக நேர்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, பெரியவர்களான பிறகும் மலச்சிக்கல் நீடித்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மருந்தோடு சேர்ந்து நடக்க வேண்டியது, உட்காரும் பழக்கம். வந்தாலும் வராவிட்டாலும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம். செல்போன், பாடக்குறிப்பு எதுவும் வேண்டாம். இந்திய வகைக் கழிப்பறையில் குந்தி உட்காரும்போது, முன்னே இழுத்துப் பிடித்திருக்கும் அந்தத் தசை தளர்ந்து மலக்குடல் நேராகிறது. மேற்கத்திய வகை என்றால் பாதத்துக்கடியில் ஒரு சின்ன மணையைப் போட்டு, முட்டி இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்காரலாம். முக்கும்போதே தசை இறுகும் பழக்கம் வந்துவிட்டவர்களுக்கு, தளர்த்தக் கற்றுத்தரும் தனிப் பயிற்சி தேவைப்படும்.

தேர்வுக் காலத்துக்கு ஒரு நேர ஒழுங்கு

காலை 8.15-க்குக் கிளம்ப வேண்டும் என்றால் சாப்பாடு 7.45-க்கு இருக்கக் கூடாது. 7 மணிக்கே முடிந்துவிட வேண்டும். அப்போதுதான் குடலின் அலை வேனில் எழாமல் வீட்டில் எழும். அந்த அரை மணி நேரத்தைப் படிப்புக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. இதைத் தேர்வுக்கு முதல்நாள் தொடங்கிப் பயனில்லை. ஒரு மாதத்துக்கு முன்பே, விடுமுறை நாளிலும் மாற்றாமல், அதே நேரத்துக்குப் பழக்க வேண்டும். தேர்வுகளுக்கு நடுவே வரும் நாட்களில் இரவெல்லாம் விழித்து மதியம் வரை தூங்கினால் குடலின் கடிகாரமும் குழம்பும்.

அப்படியும் மையத்தில் அவசரம் வந்தால், அறைக்குள் போகும் முன் ஒன்பதரைக்குப் போய்விடுவதே நல்லது. பையில் டிஷ்யூ, சின்னச் சோப்பு, ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருந்தால் குழாயை நம்பியிருக்க வேண்டாம். எழுதும்போது வந்தால், கேட்டுக்கொண்டு போய்வர ஆகும் நேரம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் எழுதும்போது வீணாகும் கவனத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

தேர்வு மையம் செய்யக்கூடியதும் பெரிய செலவில்லை. ஒவ்வொரு கதவுக்கும் உள்தாழ்ப்பாள், ஒவ்வொன்றிலும் வாளியும் மக்கும், காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை கழுவி, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது. கழிப்பறை எந்தப் பக்கம், போக வேண்டியவர்கள் இப்போதே போய்வாருங்கள் என்று அறைக்கு அனுப்பும் முன் ஓர் ஆசிரியை சத்தமாகச் சொன்னால், தனியாக எழுந்து கேட்கும் கூச்சம் யாருக்கும் மிஞ்சாது.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேலை. 'சாப்பிட்டியா, படிச்சியா' என்று கேட்கும்போது, வாரத்துக்கு ஒருமுறையாவது, 'வயிறு சரியா போகுதா, கெட்டியா இருக்கா' என்றும் கேட்டுவிட வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறைதான், வலிக்கிறது என்று பதில் வந்தால், 'பரீட்சை முடியட்டும்' என்று தள்ளிப்போட வேண்டாம். அடைப்பாக முற்றாத அந்தக் கட்டத்திலேயே மருத்துவரிடம் போய்விட்டால், மலத்தை இளக்கும் சிறிய அளவுப் பொடியோடும் காலை நேரப் பழக்கத்தோடும் சமாளித்துவிட முடியும். மே மாதம் வரை விட்டால், ஜூலையில் விடுதிக்குப் போகும்போது பெட்டியில் அந்தப் பொடியும் போக வேண்டியிருக்கும்.